ட்ரோன் ஒரே உயரத்தில் நிற்காமல் ஏறி இறங்குவது ஏன்? பாரோமீட்டர், இறக்கைக் காற்று, ஸ்பொஞ்ச்: முழு வழிகாட்டி

வெள்ளவத்தை வீட்டு மேசையில் நான் கட்டிய ட்ரோனுக்கு 450 மில்லிமீட்டர் சட்டம், 10 அங்குல இறக்கைகள் நான்கு. பற்றரியோடு சேர்த்து எடை 1.2 கிலோ. ஓடுவது ArduCopter மென்பொருளில். AltHold நிலைக்கு மாற்றி, குச்சியை நடுவில் விட்டுக் கையை எடுத்தால் அது அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். என்னுடையது ஒரு முழம் ஏறும், கொஞ்சம் யோசிக்கும், ஒன்றரை முழம் இறங்கும், திரும்ப ஏறும். நங்கூரமிட்ட வள்ளம் அலையில் ஆடுவது போல.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். உயரக் கட்டுப்பாடு எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் PSC_POSZ_P மதிப்பைக் கூட்டிக் குறைத்து இரண்டு வார இறுதிகளை வீணாக்கினேன். ஆட்டம் மெதுவானதே தவிர நிற்கவில்லை. கோளாறு கட்டுப்பாட்டில் இல்லை. கட்டுப்பாட்டுக்கு உயரத்தைச் சொல்லும் பாரோமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய வழியை அதே வரிசையில் எழுதுகிறேன். ArduCopter இல்லாத ட்ரோன்களிலும் காரணம் பெரும்பாலும் இதுதான். அளவுருக்களின் பெயர்கள் மட்டும் வேறாக இருக்கும்.

ஒரு மீட்டர் என்பது எவ்வளவு அழுத்தம்?

பாரோமீட்டருக்கு உயரம் தெரியாது, காற்றழுத்தம் மட்டும்தான் தெரியும். கடல் மட்டத்தில், கொழும்பின் 30 பாகை வெப்பத்தில், ஒரு மீட்டர் மேலே போனால் அழுத்தம் ஏறத்தாழ 11.4 பாஸ்கல் குறையும். முழு வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ட்ரோன் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தவறாக நினைத்துக்கொள்ளும்.

இனி இறக்கைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1.2 கிலோவை நான்கு இறக்கைகள் தாங்கும்போது ஒவ்வொன்றும் 2.94 நியூட்டன் தூக்குகிறது. 10 அங்குல இறக்கை சுழலும் வட்டத்தின் பரப்பு 0.0507 சதுர மீட்டர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 58 பாஸ்கல் வரும். இறக்கைத் தளத்துக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் அது. உயரமாக மாற்றினால் 5 மீட்டர்! பாரோமீட்டர் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தாலும் ஒரு மீட்டர் பிழை. என் ட்ரோனில் நடந்தது அதுவேதான் என்று பின்னால் பார்ப்பீர்கள்.

ஒரு நிலையான பிழை மட்டும் என்றால் அது அவ்வளவு தொல்லையில்லை; ட்ரோன் ஒரு மீட்டர் தவறான உயரத்தில் அமைதியாக நிற்கும். ஆட்டத்துக்குக் காரணம், இந்தப் பிழை மோட்டரின் வேகத்தோடு சேர்ந்து மாறுவது. பாரோமீட்டர் இருக்கும் கட்டுப்பாட்டுப் போர்டு இறக்கைத் தளத்துக்குக் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் சற்று இறங்குகிறது, மென்பொருள் மோட்டரை முடுக்குகிறது, காற்று பலமாக அடிக்கிறது, பாரோமீட்டரில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் அதற்கு அர்த்தம் "இன்னும் கீழே போய்விட்டோம்". ஆகவே மென்பொருள் இன்னும் முடுக்குகிறது. ட்ரோன் தேவைக்கு மேல் ஏறிய பிறகுதான் உண்மை தெரிகிறது; உடனே மோட்டரைக் குறைக்கிறது, அதே பொய் எதிர்ப்பக்கமாக நடக்கிறது.

"முடுக்கமானி இருக்கிறதே, அது பிடிக்காதா?" என்று கேட்கலாம். உணரிகளின் அளவுகளைச் சேர்த்து உயரத்தைக் கணிக்கும் மென்பொருள் பகுதியான EKF, வேகமான அசைவுகளை முடுக்கமானியிடமும் மெதுவான மாற்றங்களைப் பாரோமீட்டரிடமும் கேட்கிறது. அதனால் கண நேரத்தில் வந்து போகும் இரைச்சல் வடிகட்டப்பட்டுவிடும். இரண்டு மூன்று விநாடி நீடிக்கும் பொய்யை அது நம்பிவிடும். இறக்கைக் காற்றின் பொய் பெரும்பாலும் அந்த நீளம்தான்.

முதலில்: குற்றவாளி பாரோமீட்டர்தானா?

பறந்து முடித்ததும் பதிவை இறக்கி Mission Planner இல் திறந்து, மேல் கீழ் அதிர்வைக் காட்டும் VIBE.VibeZ வரைபடத்தைப் பாருங்கள். 30 ஐத் தாண்டினால், அல்லது VIBE.Clip எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், முதலில் அதிர்வைச் சரிசெய்யுங்கள். இறக்கையின் சமநிலை, மோட்டர் தண்டு, போர்டின் அதிர்வுத்தாங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதிர்வுக் கோளாறு பெரும்பாலும் இப்படி ஆடாது. ட்ரோன் தன்பாட்டில் மேலே ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது எனக்கே பிடிபட நாளெடுத்த விஷயம். CTUN.DAlt என்பது ட்ரோன் நிற்க விரும்பும் உயரம், CTUN.Alt என்பது தான் நிற்பதாக அது நம்பும் உயரம். என் பதிவில் இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்தவை போல் ஒன்றாகவே போயின. பதிவை மட்டும் பார்த்தால் அருமையான ட்ரோன்! வெளியே அது குதித்துக்கொண்டிருந்தது. பாரோமீட்டர் பொய் சொன்னால், மென்பொருள் அந்தப் பொய்யை நேராக வைத்துக்கொள்ள உண்மையான உயரத்தை ஆட்டும். மாறாக, கட்டுப்பாட்டு மதிப்புகள் பிசகினால் CTUN.Alt கோடே DAlt ஐச் சுற்றி அலை போல வளையும், அதுவும் காற்றில்லாத நேரத்திலும் ஒரே தாளத்தில்.

ஆகவே வெளியிலிருந்து ஓர் அளவுகோல் கட்டாயம் வேண்டும். நான் ஒரு நீண்ட மூங்கிலில் அரை மீட்டருக்கு ஒரு சிவப்பு நாடா கட்டி நட்டேன். அதற்கு இரண்டு மீட்டர் தள்ளிப் பறக்கவிட்டு, நண்பன் தூரத்தில் முக்காலியில் ஃபோனை வைத்துப் படம் பிடித்தான். ஃபோன் ட்ரோனின் உயரத்துக்குக் கிட்டவும், எட்டத்திலும் இருந்தால் கோணப் பிழை குறையும்.

எங்கே பறக்கவிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு, கொழும்புக்குள் பாதுகாப்பு அனுமதி விவகாரமும் உண்டு, தெற்கே இரத்மலானை விமான நிலையமும் இருக்கிறது. காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறார்களே என்று ட்ரோனைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அனுமதி பெற்ற மைதானம் கிடைக்கும்வரை கீழே சொல்லும் மேசைச் சோதனைகளைச் செய்யலாம்.

இரண்டாவது: மேசைச் சோதனை

இறக்கைகளைக் கழற்றுங்கள். பிறகு மோட்டர் பூட்டப்பட்டிருக்கும்போதும் பதிவு எழுதும்படி இதை மாற்றுங்கள்:

```
LOG_DISARMED 1
```

வேலை முடிந்ததும் 0 க்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டை நிரம்பும். பற்றரியை இணைத்துப் பத்து நிமிடம் தொடாமல் விட்டு, பாரோமீட்டர் சொல்லும் உயரமான BARO.Alt, அதன் வெப்பமான BARO.Temp இரண்டையும் ஒன்றாக வரையுங்கள்.

முதல் தடவை என் கோடு சீப்பின் பல் போலத் துள்ளியது. பாரோமீட்டர் சிப் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கப் புறப்பட்டேன். வந்திருந்த நண்பன் மேலே பார்த்துவிட்டு, "மச்சான், ஃபானை நிப்பாட்டிப் பாரன்" என்றான். நிறுத்தியதும் கோடு படுத்துவிட்டது. அறைக் கதவை அடித்துச் சாத்தினால் BARO.Alt ஒரு மீட்டர் அளவுக்குத் துள்ளுவதையும் அன்றுதான் கண்டோம். ஃபானை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துச் சோதியுங்கள்.

அமைதியான அறையில் மூன்று பிழைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

வெப்பம்: போர்டு சூடாகும்போது கோடு ஒரே பக்கமாகச் சரியும். மலிவு போர்டுகளில் வரும் BMP280 இன் தரவுத்தாளில், ஒரு பாகைக்கு 1.5 பாஸ்கல் வரை விலகல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 12 பாகை சூடானால் 18 பாஸ்கல், அதாவது ஒன்றரை மீட்டர் வரை. இது ஆட்டம் அல்ல, நகர்வு. பற்றரி போட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பறக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

வெளிச்சம்: பழைய பிக்ஸ்ஹோக் வகைப் போர்டுகளில் இருக்கும் MS5611 சிப்பின் துளைக்குள் வெயில் பட்டால் அளவு துள்ளும். மூடியைத் திறந்து வெயிலில் வைத்து, கையால் நிழல் மறைத்து மறைத்து எடுங்கள். கோடு படிக்கட்டுப் போலத் துள்ளினால் அதுதான். பறக்கும்போது ட்ரோன் திரும்புகையில் மட்டும் உயரம் மாறினால் இதைச் சந்தேகியுங்கள்.

ஊதல்: ஒரு உறிஞ்சு குழாயால் இரண்டு சாண் தூரத்திலிருந்து, போர்டு இருக்கும் பெட்டியின் ஒவ்வொரு இடுக்கையும் பார்த்து மெல்ல ஊதுங்கள். எந்த இடுக்கில் ஊதும்போது கோடு பள்ளத்தில் விழுகிறதோ, காற்று உள்ளே வரும் வாசல் அது. என்னுடையதில் வயர்கள் நுழையும் பக்கத்தில், சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வாய். அது நேரே பின் இடது மோட்டரைப் பார்த்தது.

கொழும்பில் இன்னுமொரு மெதுவான நகர்வும் உண்டு. நம் பகுதியில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது: காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நான்கு மணியளவில் தாழ்வு. வித்தியாசம் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல், உயரத்தில் ஏறத்தாழ 18 முதல் 26 மீட்டர். ஆனால் அது ஆறு மணி நேரத்தில் நடப்பதால் பதினைந்து நிமிடப் பறப்பில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்குத்தான் நகரும்.

மூன்றாவது: வளையத்தை உடைத்துப் பார்த்தல்

இதுதான் முக்கியமான சோதனை. AltHold இல் பாரோமீட்டரும் மோட்டரும் ஒன்றையொன்று துரத்துவதால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. Stabilize நிலையில் மோட்டர் உங்கள் கைக்கு மட்டுமே கீழ்ப்படியும், பாரோமீட்டர் வெறும் சாட்சி. காற்று அடங்கிய காலை நேரத்தில், மூங்கிலின் 3 மீட்டர் நாடாவுக்கு நேரே ஒரு நிமிடம் நிறுத்திவையுங்கள். பிறகு குச்சியை அரை விநாடி சட்டென்று தூக்கி விடுங்கள். இதை ஐந்தாறு தடவை செய்யுங்கள்.

என் பதிவில் கிடைத்தவை: நாடா 3 மீட்டர் என்று காட்டும்போது BARO.Alt 2 மீட்டர் என்றது. மோட்டருக்குப் போகும் முடுக்கு அளவான CTUN.ThO வை 0.42 இலிருந்து 0.58 க்குத் தூக்கியபோது ட்ரோன் மேலே போனது, BARO.Alt மட்டும் முதலில் 40 சென்டிமீட்டர் கீழே போய், பிறகுதான் ஏறியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் பிழை 11.4 பாஸ்கல்; அது 58 பாஸ்கலில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ThO 0.42 இலிருந்து 0.58 ஆனால் உந்துவிசை 38 சதவீதம் கூடும். 58 இல் 38 சதவீதம் 22 பாஸ்கல். அதில் ஐந்தில் ஒன்று 4.4 பாஸ்கல், கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர். இரண்டு அளவுகளும் ஒரே பங்கையே சொல்கின்றன. இறக்கைக் காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வாய் வழியாக உள்ளே வருகிறது என்று இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் போர்டு இறக்கைத் தளத்துக்கு மேலே இருந்தால் நேரெதிராக, முடுக்கும்போது BARO.Alt சட்டென்று உண்மையைவிட அதிகம் ஏறலாம். அங்கே காற்று உறிஞ்சப்படுகிறது.

நான்காவது: ஸ்பொஞ்ச்

என் முதல் ஸ்பொஞ்ச் ஸ்பொஞ்சே அல்ல. பொருட்கள் சுற்றி வரும் வெள்ளைப் பொதி ஃபோமில் ஒரு துண்டு வெட்டி, இருபக்க டேப்பால் சிப்பின் மேல் ஒட்டினேன். மேசையில் கோடு அற்புதமாகப் படுத்தது. பத்து நிமிடத்தில் ட்ரோன் தான் பூமிக்குக் கீழே பல மீட்டர் ஆழத்தில் இருப்பதாகச் சொன்னது.

காரணம் எளிது. அந்த ஃபோமின் ஒவ்வொரு குமிழும் மூடியது, காற்று ஊடே போகாது. டேப் சுற்றிவர அடைத்ததால் சிப்பின் மேல் ஒரு சிறு காற்றறை சிறைப்பட்டது. அடைத்த காற்று ஒரு பாகை சூடானால் அழுத்தம் 300 பாஸ்கலுக்கு மேல் கூடும், கிட்டத்தட்ட 29 மீட்டர். என் அடைப்பு ஓரளவு கசிந்ததால்தான் அவ்வளவோடு நின்றது. ரெஜிஃபோம், செருப்பு அடி ஃபோம் எல்லாம் இதே இனம்.

வேண்டியது திறந்த குமிழ் ஸ்பொஞ்ச். கண்டுபிடிக்க இரண்டு வழி: உதட்டில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், தண்ணீரில் பிழிந்து விட்டால் உறிஞ்ச வேண்டும். மீன்தொட்டி வடிகட்டிக்கு விற்கும் கறுப்பு ஸ்பொஞ்ச் நல்லது. புறக்கோட்டையில் மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் ஒரு துண்டு வாங்கினால் பத்து ட்ரோனுக்குக் காணும். கறுப்பு என்பதால் வெயில் தொல்லையும் தீரும். துளைகள் மிகப் பெரிதாக உள்ள கரடுமுரடான ரகம் வேண்டாம். காற்று நேரே பாய்ந்துவிடும்.

வெட்டும் விதம்: சிப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே வரும்படி ஒரு சதுரம். தடிப்பு, மூடிக்கும் போர்டுக்கும் உள்ள இடைவெளியைவிட ஒரு மில்லிமீட்டர் கூட. கீழ்ப்பக்கத்தில் சிப் உட்காரும் இடத்தில் கூர்க்கத்தியால் ஒரு சிறு குழி தோண்டுங்கள். ஸ்பொஞ்ச் சிப்பின் மேல் அழுத்தக்கூடாது. சுற்றியுள்ள போர்டில்தான் நிற்க வேண்டும். பசை வேண்டாம். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். சிப்பின் துளையில் ஒரு துளி பசை போனால் அந்தச் சிப் முடிந்தது.

மூடியை மாட்டிய பின் பத்து நிமிட மேசைச் சோதனையைத் திரும்பச் செய்து, BARO.Temp கூடும்போது BARO.Alt பல மீட்டர் கீழே ஓடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஓடினால் எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது.

ஐந்தாவது: ஸ்பொஞ்சால் முடியாதது

சரியான ஸ்பொஞ்சோடு Stabilize சோதனையைத் திரும்பச் செய்தேன். BARO.Alt இன் நடுக்கம் மேலும் கீழும் 30 சென்டிமீட்டரிலிருந்து 10 க்கு இறங்கியது. ஆனால் நாடா 3 மீட்டர் என்ற இடத்தில் அளவு இன்னும் 2.2.

ஸ்பொஞ்ச் நேரே பாயும் காற்றை உடைக்கும், படபடப்பை மட்டுப்படுத்தும். பெட்டிக்குள் முழுக்க அழுத்தம் கூடியிருந்தால் அந்த அழுத்தம் ஸ்பொஞ்சின் ஊடாக மெல்ல வந்து சேரும். காற்றைச் சுவாசிக்க விடுவதுதானே அதன் வேலை. பலர் இந்த இடத்தில் இன்னும் தடித்த ஸ்பொஞ்ச் தேடிப் போகிறார்கள். பிரயோசனமில்லை. காற்று நுழையும் வாசலை மாற்ற வேண்டும்.

வயர் வாயைச் சுற்றி ஸ்பொஞ்ச் துண்டுகளை அடைத்து, மேலே மின்கம்பி டேப் ஒட்டினேன். பெட்டி முழுதாக அடைபடக்கூடாது என்பதால், சட்டத்தின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே, நான்கு மோட்டரிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கும் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். போர்டையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் துளையிட வேண்டும். தூள் சிப்புக்குள் போகும்.

அடுத்த காலை, 3 மீட்டர் நாடாவில் BARO.Alt 2.8. குச்சியைத் தூக்கும்போது விழும் பள்ளம் 40 இலிருந்து 8 சென்டிமீட்டர். ஐந்தில் ஒன்றாக இருந்த கசிவு இருபத்தைந்தில் ஒன்றாகிவிட்டது. AltHold இல் போட்டதும் ட்ரோன் ஒரு சாண் அளவுக்குள் நின்றது. PSC_POSZ_P வழக்கமான 1.0 க்கே திரும்பியிருந்தது, அதைத் தொடத் தேவையே வரவில்லை.

மிச்சம் இருக்கும் இரண்டு இடங்கள்

தரைக்கு மிக அருகே இறக்கைக் காற்று நிலத்தில் மோதித் திரும்பி, ட்ரோனுக்குக் கீழே அழுத்தக் குமிழ் ஒன்றை உண்டாக்கும். புறப்படும் கணத்தில் BARO.Alt பூச்சியத்துக்குக் கீழே போவது இதனால். இறங்கும்போது கடைசி முழத்தில் ட்ரோன் தயங்கித் துள்ளினாலும் இதுவே. எந்த ஸ்பொஞ்சும் இதை முழுதாகத் தடுக்காது. அந்தக் கடைசி உயரத்தில் நின்றுகொண்டிருக்காமல் ஒரே சீராக இறக்குங்கள்.

மற்றது கடற்காற்று. பின்னேரத்தில் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் அது முழுதாகப் பட்ட இடத்தில் 37 பாஸ்கல், 3 மீட்டருக்கு மேல். வேகமாக முன்னே பறந்து நிறுத்தும்போதும் இதே கதை: நிறுத்தியதும் ட்ரோன் ஒரு மீட்டர் ஏறினால், ஓடும்போது பெட்டிக்குள் காற்று உறிஞ்சப்பட்டது, விழுந்தால், உள்ளே அடிக்கப்பட்டது. பெட்டியின் மேல் ஒரு குவிந்த மூடி வைத்து, துளையை அதன் நிழலுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்குப் பிறகும் மிஞ்சினால் காற்றுத் திருத்தத்துக்கான BARO1_WCF_ENABLE ஐ இயக்கி, ஒவ்வொரு திசைக்கும் திருத்தம் கொடுக்கலாம். பெட்டியைச் சரிசெய்யாமல் அதைத் தொட்டால் ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் சமன்செய்ததாகிவிடும், அடுத்த தடவை வயரை நகர்த்தியதும் கணக்குக் கெடும்.

மழையில் நனைந்தாலோ, கடற்கரையில் பறக்கவிட்டு வந்தாலோ மூடியைத் திறந்து ஸ்பொஞ்சை எடுத்துவிடுங்கள். நனைந்த ஸ்பொஞ்ச் மூடிய ஃபோமைப் போலவே காற்றை அடைக்கும், உப்பு ஈரம் சிப்பின் துளைக்குள்ளும் இறங்கும். கழுவிக் காயவைக்க மெனக்கெட வேண்டாம். வாங்கிய துண்டில் இன்னும் ஒன்பது மிச்சம் இருக்கும்.